கிச்சன் சிங்க் அடைப்பு: காஸ்டிக் பவுடரா, என்சைமா? கடையில தினமும் கேக்கற கேள்விகள்

ஹார்ட்வேர் கடை கல்லாவுல உக்காந்தா பெயின்ட், ஆணி கேக்கறவங்கள விட "அடைப்பு பவுடர் குடுங்க"ன்னு வர்றவங்கதான் ஜாஸ்தி. எல்லாருக்கும் அதே சந்தேகம், நானும் அதே பதில். அதான் மொத்தமா எழுதி வெச்சிட்டேன். பெரும்பாலும் கிச்சன் சிங்க் பத்தி, ஏன்னா வர்ற கேஸ்ல முக்கால்வாசி அதுதான்.

அண்ணா, அந்த பாக்கெட்ல என்னதான் இருக்கு? என்சைம்னு ஒரு பாட்டில் விக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ரெண்டும் வேற வேற. பாக்கெட்ல இருக்கறது காஸ்டிக் சோடா, லேபிள்ல சோடியம் ஹைட்ராக்சைடு இல்லன்னா NaOH னு போட்டிருக்கும். வெள்ளை செதில் மாதிரியோ குருணை மாதிரியோ இருக்கும், சிலதுல பளபளன்னு அலுமினியம் துகளும் கலந்திருப்பாங்க. தண்ணி பட்டதும் பயங்கரமா சூடாகும், அந்த சூட்டுல பைப்ல ஒட்டியிருக்கற எண்ணெய் பிசுக்கு இளகும், அப்புறம் காஸ்டிக் அதை சோப்பா மாத்திடும். சோப்பு தண்ணியோட போயிடும். வீட்ல சோப்பு காய்ச்சறவங்க தேங்காய் எண்ணெயில காஸ்டிக் கரைசல் ஊத்தறாங்கல்ல, அதே வேலைதான் பைப்புக்குள்ள நடக்குது.

என்சைம் கிளீனர்ல பெரும்பாலும் உயிரோட இருக்கற பாக்டீரியா, அதுவும் விதை மாதிரி தூங்கற நிலையில இருக்கும். ஈரமும் சாப்பாடும் கிடைச்சா முழிச்சுக்கும். அது விடற லிப்பேஸ் எண்ணெயையும், அமைலேஸ் மாவையும், புரோட்டியேஸ் பருப்பு மாதிரி புரதத்தையும் உடைக்கும். காஸ்டிக் அரை மணி நேரத்துல செய்யறத இது நாள் கணக்குல செய்யும். சூடும் கிடையாது, பைப்பையும் ஒண்ணும் பண்ணாது.

சிங்க் நிறைய தண்ணி நிக்குது, ஒரு சொட்டு கூட இறங்கல. இப்ப எதை ஊத்தறது?

ரெண்டுமே வேணாம். காஸ்டிக் போட்டா அடைப்பு வரைக்கும் போய் சேராது, வழியில பள்ளமான இடத்துல படிஞ்சு, தண்ணி பத்தாம கெட்டியாகி கல்லு மாதிரி இறுகிடும். பழைய அடைப்போட புது அடைப்பு. என்சைம் போட்டா அவ்ளோ தண்ணியில கரைஞ்சு நீர்த்துப் போயிடும், அதுவும் அது வேலை செய்யற வரைக்கும் ரெண்டு நாள் சிங்க்ல கை கழுவாம இருப்பீங்களா என்ன.

கீழ ஒரு பக்கெட் வெச்சு, சிங்க்குக்கு அடியில பாட்டில் மாதிரி தொங்கற பாட்டில் ட்ராப்போட அடி மூடிய கையால திருகி கழட்டுங்க. பாதி அடைப்பு அங்கயே கறுப்பா கொழகொழன்னு உக்காந்திருக்கும். ட்ராப் இல்லாம வெறும் நெளி நெளியான வேஸ்ட் பைப் மட்டும் இருந்தா அதை கழட்டி வெளிய வெச்சு கழுவுங்க. அது சுத்தமா இருந்தா அடைப்பு சுவத்துக்குள்ள போற பைப்ல, அதுக்கு ரப்பர் பம்ப், இல்லன்னா பைப்புக்குள்ள விட்டு சுத்தற நீளமான ஸ்பிரிங் கம்பி. பம்ப் போடும்போது சிங்க் பக்கவாட்டுல இருக்கற ஓவர்ஃப்ளோ ஓட்டைய ஈரத்துணியால அடைச்சுக்கோங்க, இல்லன்னா காத்து அந்த வழியா போயிடும், நீங்க அமுக்கி அமுக்கி கை வலிச்சதுதான் மிச்சம்.

தண்ணி போகுது ஆனா ரொம்ப மெதுவா போகுது, குடுக் குடுக்னு சத்தம் வேற. இதுக்கு?

இதுக்குத்தான் என்சைம். பைப் சுவர்ல எண்ணெய் படிஞ்சு ஓட்டை சின்னதாயிட்டே வருதுன்னு அர்த்தம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்கு கீழ உறைஞ்சிடும், அதனால மார்கழி காலையில சிங்க் மெதுவாகி மத்தியானம் சரியாகுதுன்னா காரணம் அனேகமா அதுதான். அதோட இட்லி மாவு கழுவின தண்ணி, சோறு வடிச்ச கஞ்சி எல்லாம் சேர்ந்து நல்லா பசை மாதிரி ஒட்டிக்கும்.

ராத்திரி கடைசி பாத்திரம் கழுவினதுக்கு அப்புறம், கை பொறுக்கற சூட்டுல ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க, 40 டிகிரி போல. அப்புறம் லேபிள்ல சொன்ன அளவு என்சைம ஊத்திட்டு காலை வரைக்கும் குழாயத் திறக்காதீங்க. ஆறேழு மணி நேரம் அது சுவர்ல ஒட்டி இருக்கணும், அதுதான் விஷயமே. முதல் வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ஒரு ராத்திரி. வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க சிங்க்கை அரை அளவு நிரப்பி, மூடிய எடுத்து எவ்ளோ நேரத்துல வடியுதுன்னு செல்போன்ல பாத்து குறிச்சு வைங்க, பத்து நாள் கழிச்சு அதே மாதிரி பாருங்க. நாத்தம் போறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, அது சீக்கிரமே போயிடும், படிவு போக நேரம் ஆகும்.

கொதிக்க கொதிக்க வெந்நி ஊத்தினா போதுமே, எதுக்கு காசு செலவு?

பிவிசி வேஸ்ட் லைன் தொடர்ந்து தாங்கற சூடு சுமார் 60 டிகிரி. 80 டிகிரி பக்கத்துல அது இளக ஆரம்பிச்சிடும். ஒரு டம்ளர் வெந்நிக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணியோட கலந்து ஆறிடும். ஆனா குக்கர் நிறைய கொதிக்கிற தண்ணிய நேரா ஊத்தினா முதல்ல அடி வாங்கறது சிங்க்குக்கு கீழ இருக்கற மெல்லிசான நெளி பைப்பும் ரப்பர் வாஷரும்தான்.

இன்னொண்ணு, வெந்நி எண்ணெய உருக்கி தள்ளிவிடும், அவ்ளோதான். ஆறடி தள்ளி ஆறினதும் அங்க உறையும். கைக்கு எட்டற இடத்துல இருந்த அடைப்பு சுவத்துக்குள்ள போயிடும்.

காஸ்டிக் போட்டா பிவிசி பைப் உருகிடும்னு பிளம்பர் சொல்றார், பாக்கெட்ல எல்லா பைப்புக்கும் பாதுகாப்புன்னு போட்டிருக்கு. யார் சொல்றது சரி?

ரெண்டு பேரும் பாதி சரி. காஸ்டிக் பிவிசிய கெமிக்கலா அரிக்காது, ஃபேக்டரிகள்ல காஸ்டிக் கரைசல பிளாஸ்டிக் பைப்ல தான் கொண்டு போறாங்க. பிரச்சனை சூடு. கணக்கு போட்டு காட்டறேன். 50 கிராம் பாக்கெட் ரெண்டு, மொத்தம் 100 கிராம், அதை அரை லிட்டர் தண்ணியில கரைச்சா தண்ணி சுமார் 50 டிகிரி ஏறும். நம்ம ஊரு குழாய் தண்ணியே 30 டிகிரி, ஆக 80. மேல சொன்ன இளகற சூடு அதேதான். அதே 100 கிராம 5 லிட்டர்ல கரைச்சா அஞ்சு டிகிரி தான் ஏறும், பைப்புக்கு தெரியவே தெரியாது. பவுடர் அதேதான், தண்ணி அளவுதான் வித்தியாசம். அலுமினியம் துகள் இருக்கற பாக்கெட்னா இந்த கணக்குக்கு மேல சூடு வரும், ஹைட்ரஜன் வாயுவும் வரும், அது தீ பிடிக்கற வாயு, அடுப்பு எரியற கிச்சன்ல ஜாக்கிரதை.

பக்கத்து தெரு அபார்ட்மென்ட்ல ஒரு வீடு. சிங்க் அடைச்சிருக்கு, ரெண்டு பாக்கெட் கொட்டி, சீக்கிரம் வேலை செய்யட்டும்னு மேல கொதிக்கிற வெந்நி ஊத்தியிருக்காங்க. புஸ்னு பொங்கி ஜாலி வழியா மேல தெறிச்சிருக்கு, நல்லவேளை யாரும் குனிஞ்சு பாக்கல. காலையில கபோர்டு திறந்தா நெளி பைப் நடுவுல தொய்ஞ்சு போய், சுவத்து பைப்ல சொருகியிருந்த முனை சுருங்கி, சொட்டு சொட்டா ஒழுகுது. சுவத்துக்குள்ள இருந்த கெட்டி பைப்புக்கு ஒண்ணும் ஆகல. போனது அந்த நெளி பைப்பும் ஒரு வாஷரும், ஆனா சொட்டின காஸ்டிக் தண்ணியில கபோர்டு பலகை ஊறி உப்பிடுச்சு, செலவு அதுலதான்.

எங்க வீடு அப்பா காலத்துது, இரும்பு பைப். அதுக்கு காஸ்டிக் போடலாமா?

என்ன இரும்புன்னு பாக்கணும். காஸ்ட் அயர்ன், அதாவது கறுப்பா தடியா சொரசொரன்னு இருக்கற சிஐ பைப்புக்கு காஸ்டிக் பெரிசா ஒண்ணும் பண்ணாது. அதுக்கு எமன் ஆசிட். ஜிஐ பைப்னா வேற கதை, அது மேல இருக்கற துத்தநாகப் பூச்ச காஸ்டிக் கரைச்சிடும், பூச்சு போனா அப்புறம் துரு தானா வரும். காந்தம் ரெண்டுலயும் ஒட்டும், அதனால காந்தத்த நம்பாதீங்க. ஜிஐ மெல்லிசா வழுவழுன்னு சாம்பல் நிறத்துல இருக்கும், முனையில மரை வெட்டியிருக்கும், சிஐ பைப்ல மரை இருக்காது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஈயம் ஊத்தியிருப்பாங்க.

பழைய இரும்பு பைப்ல இன்னொரு விஷயம். உள்ள துரு கட்டி கட்டியா வளர்ந்திருக்கும், எண்ணெய் அதுல மாட்டும். எண்ணெய காஸ்டிக் எடுத்தாலும் துரு அங்கயேதான் இருக்கும், ரெண்டு மாசத்துல திரும்ப அடைக்கும். வெளிய மண்ணுக்குள்ள போற மண் குழாய்க்கு, அதான் பழுப்பு கலர்ல வழவழன்னு இருக்குமே, காஸ்டிக்கும் ஆசிட்டும் ஒண்ணும் பண்ணாது, ஆனா அதோட ஜாயின்ட் சிமெண்ட், அதை ஆசிட் தின்னும்.

சிங்க், ட்ராப், ஜாலி எல்லாம் மெட்டல் தானே, அதுக்கு ஏதாவது ஆகுமா?

ஸ்டீல் சிங்க்குக்கு காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது, கழுவி விட்டா போதும். அலுமினியம்னா உடனே நுரைச்சு கறுக்கும், அதனால காஸ்டிக் கரைக்க அலுமினிய கிண்ணமோ டபராவோ எடுக்காதீங்க. பித்தளை மேல குரோம் பூசின பாட்டில் ட்ராப்ல காஸ்டிக் தேங்கி நிக்க விடாதீங்க, நிறைய தண்ணி விட்டு அலசிடுங்க. என்சைம் எதுக்கும் ஆபத்து இல்ல.

பாத்ரூம் கழுவற ஆசிட் வீட்லயே இருக்கு, அதையே ஊத்திடலாமா?

கிச்சன் அடைப்புக்கு அது உபயோகமே இல்ல. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், உப்புக்கறையையும் சுண்ணாம்பு படிவையும் கரைக்கும், எண்ணெய கரைக்காது. ஸ்டீல் சிங்க்ல பட்டா புள்ளி புள்ளியா குழி விழும், ட்ராப் மேல குரோம் பூச்சு போயிடும், சிஐ பைப்ப தின்னும்.

இதைவிட முக்கியம், ஏற்கனவே காஸ்டிக் போட்ட பைப்ல ஆசிட் ஊத்தினா கொதிச்சு முகத்துல அடிக்கும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் தண்ணியோ போட்ட இடத்துல ஆசிட் ஊத்தினா குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூம்ல மூச்சு முட்டிடும். கண்ணு எரிஞ்சு தொண்டை கமறினா அப்படியே விட்டுட்டு வெளிய வந்துடுங்க, கதவு ஜன்னல் திறந்திருந்தா போதும், உள்ள போய் சுத்தம் பண்ண நிக்காதீங்க.

சரி, காஸ்டிக் தான் போடறேன். எப்படி போட்டா ஆபத்து இல்ல?

தண்ணி மெதுவாவாவது இறங்கணும், அதுதான் முதல் கண்டிஷன். சிங்க்ல நிக்கற தண்ணிய மொண்டு எடுத்துடுங்க. முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு பக்கவாட்டும் மூடற கண்ணாடி, கால்ல செருப்பு. ஜன்னல் திறந்து, அடுப்ப அணைச்சு, குழந்தைங்கள வேற ரூம்ல விடுங்க.

வெறும் செதில் காஸ்டிக்னா பிளாஸ்டிக் பக்கெட்ல ரெண்டு லிட்டர் பச்சத்தண்ணி எடுத்துக்கோங்க, 50 கிராம கொஞ்சம் கொஞ்சமா தூவி குச்சியால கலக்குங்க. எப்பவும் தண்ணி முதல்ல, அதுல பவுடர். பவுடர் மேல தண்ணி ஊத்தினா மேலாப்புல இருக்கற கொஞ்ச தண்ணி உடனே கொதிச்சு தெறிக்கும். கரைஞ்சத ஓரமா மெதுவா ஊத்துங்க, குனிஞ்சு ஓட்டைய பாக்க வேணாம். இருபது முப்பது நிமிஷம் விட்டுட்டு குழாய நல்லா திறந்து அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க. ராத்திரி பூரா ஊற வைக்காதீங்க. அலுமினியம் துகள் கலந்த பாக்கெட்ட பக்கெட்ல கரைக்கவே கூடாது, அதுக்கு லேபிள்ல சொன்ன முறைதான், ஒரு பாக்கெட்டுக்கு மேல வேணாம்.

மீதி இருந்தா இறுக்கமா மூடற பிளாஸ்டிக் டப்பாவுல, பேர் எழுதி, உயரத்துல. காஸ்டிக் காத்துல இருக்கற ஈரத்த இழுத்து தானா ஒழுகும். தண்ணி பாட்டில்ல கரைச்சு வைக்கறத மட்டும் சத்தியமா செய்யாதீங்க, குழந்தைங்க எடுத்து குடிக்கறது அப்படித்தான்.

பவுடர் போட்டும் போகல. இன்னொரு பாக்கெட் போடவா, பம்ப் போடவா?

ரெண்டும் வேணாம். அந்த தண்ணி இப்ப காஸ்டிக் தண்ணி, பம்ப் போட்டா உங்க மூஞ்சிலதான் தெறிக்கும். கிளவுஸ், கண்ணாடியோட பழைய மக்குல மொண்டு பிளாஸ்டிக் பக்கெட்ல எடுங்க. பிளம்பர கூப்பிட்டா அவர் ட்ராப்புல கைவைக்கறதுக்கு முன்னாடியே "உள்ள காஸ்டிக் இருக்கு"ன்னு சொல்லிடுங்க. இத சொல்லாம விட்டு கை வெந்துபோன பிளம்பர்கள எனக்கு தெரியும், ட்ராப் மூடிய திருகினதும் உள்ள இருக்கறது மொத்தமும் முழங்கை வழியா இறங்கும்.

கையில பட்டிடுச்சு, எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?

வேணாம். உலர்ந்த செதிலா இருந்தா முதல்ல துணியால தட்டி விடுங்க, அப்புறம் ஓடற தண்ணியில குறைஞ்சது 15, 20 நிமிஷம் காட்டுங்க. எலுமிச்சை, வினிகர் போட்டு சரி பண்ணப் பாத்தா நேரம்தான் போகும், அந்த சேர்க்கையிலயும் சூடு வரும். விரல் வழுவழுன்னு இருந்தா இன்னும் போகலன்னு அர்த்தம், உங்க தோல் எண்ணெயே சோப்பாகிட்டு இருக்கு. ஆரம்பத்துல பெரிசா வலிக்காது, அதை நம்பி விட்டுட்டா உள்ள ஆழமா போயிடும்.

கண்ணுல பட்டா இமைய விரலால விரிச்சு பிடிச்சுட்டு அதே 20 நிமிஷம் தண்ணி, உடனே கண் ஆஸ்பத்திரி. யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, போன வழியெல்லாம் வெந்தது திரும்பி வரும்போது மறுபடி வேகும். வாய கொப்பளிக்க விட்டு 108 கூப்பிடுங்க, பாக்கெட்ட கையோட எடுத்துட்டு போங்க.

என்சைம் ரெண்டு வாரமா ஊத்தறேன், ஒண்ணும் மாறல. சும்மா ஏமாத்து வேலையா?

முதல்ல ஒரு கேள்வி நான் கேப்பேன்: அதே சிங்க்ல பிளீச்சோ, பினாயிலோ ஊத்தறீங்களா? ஊத்தினா பாக்டீரியா செத்துடும், காசு சாக்கடையில போச்சு. காஸ்டிக் போட்டுட்டு அன்னைக்கே என்சைம் ஊத்தினாலும் அதே கதி, நல்லா தண்ணி விட்டு ஒரு நாள் கழிச்சு ஆரம்பிங்க. கொதிக்கிற வெந்நியும் அதை கொல்லும். ஊத்தின பத்தாவது நிமிஷம் யாராவது டம்ளர் கழுவினா மொத்தமும் கீழ போயிடும்.

இதெல்லாம் இல்லன்னா உள்ள இருக்கறது சாப்பாடா இல்லாம இருக்கலாம். பாத்திரம் தேய்க்கற மண்ணு, சாம்பல், ஷாம்பு கவர், ஸ்க்ரப்பர் கம்பி இதையெல்லாம் எந்த பாக்டீரியாவும் தின்னாது, காஸ்டிக்கும் கரைக்காது. பாத்ரூம் தலைமுடியும் என்சைமுக்கு கஷ்டம், முடிய காஸ்டிக் கரைக்கும், ஆனா கொக்கி போட்டு இழுக்கறது ரெண்டையும் விட சுலபம்.

வீட்ல எலுமிச்சை தோல், வெல்லம் போட்டு பயோ என்சைம் செய்யறேன். அதை ஊத்தலாம்ல?

ஊத்தலாம், கெடுதல் இல்ல. தோல் மூணு பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணி பத்து பங்கு, மூணு மாசம்னு எல்லாரும் செய்யறதுதான். ஆனா புளிச்சு வர்றது பெரும்பாலும் லேசான ஆசிட், வினிகர் மாதிரி. மேடை துடைக்க நல்லது. எண்ணெய் படிவ உடைக்கற அளவுக்கு லிப்பேஸ் அதுல இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. பேக்கிங் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊத்தறதும் அப்படித்தான், நுரை பாக்க அழகா இருக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு முடிஞ்சிடும்.

எங்களுக்கு செப்டிக் டேங்க். காஸ்டிக் போட்டா டேங்க் செத்துடுமா?

வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை 50 கிராம், மேல சொன்ன மாதிரி நிறைய தண்ணியோட போனா டேங்க்ல இருக்கற அத்தனை தண்ணியில அது காணாம போயிடும். வாரா வாரம் போட்டா டேங்க்ல இருக்கற பாக்டீரியா அடி வாங்கும், நாத்தம் வரும்.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. காஸ்டிக்கோ என்சைமோ, ரெண்டுலயும் எண்ணெய் மாயமா மறையறதில்ல. போர் தண்ணி உப்பா இருக்கற ஏரியாவுல காஸ்டிக் செஞ்ச சோப்பு தண்ணியில இருக்கற கால்சியத்தோட சேர்ந்து வெள்ளையா திட்டு திட்டா சேம்பர்ல படியும். என்சைம் பாதி உடைச்ச எண்ணெயும் கீழ போய் ஆறி திரும்ப ஒட்டலாம். அதனால எதை போட்டாலும் மூணு மாசத்துக்கு ஒருமுறை சேம்பர் மூடிய திறந்து பாருங்க, மேல மிதக்கறத வாரி எடுங்க. சட்டி எண்ணெய பேப்பர்ல துடைச்சு குப்பையில போட்டா இதுல பாதி வேலை மிச்சம்.

எல்லாம் சரியா செஞ்சும் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை அதே இடத்துல அடைக்குது. இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது இருக்கா?

இல்ல, இருந்தாலும் தரமாட்டேன். அதே இடம்னா பைப் சாய்மானம் தப்பு. படுக்கை பைப் ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் போல இறங்கணும், நடுவுல கிளாம்ப் விட்டுப்போய் பைப் தொய்ஞ்சிருந்தா அங்க தண்ணி எப்பவும் நிக்கும், எண்ணெய் அங்கயே உறையும். கிச்சன் மாடுலர் ஆனப்ப சிங்க்க இடம் மாத்தி நீளமா நெளி பைப் இழுத்த வீடுகள்ல இத நிறைய பாக்கறேன், அந்த நெளிவு ஒவ்வொண்ணும் ஒரு எண்ணெய் தொட்டி. அதை எடுத்துட்டு வழுவழு பைப்பும் ஒரு எல்போவும் போட்டு கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்க, எல்போவுக்கு பக்கத்துல திருகி திறக்கற மூடி ஒண்ணு வெக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை அடைச்சா அந்த மூடிய திறந்து ஸ்பிரிங் விட்டா போதும்.